பட்டா மேஜையில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்

“பாபநாசம் தாலுகா ஆபீஸ்ல பட்டா மாறுதலுக்கு மனு போட்டு ரெண்டு மாசம் தாண்டிடுச்சு. எப்பப் போனாலும் மேஜையைச் சுத்திக் கூட்டம். நான் வாயைத் திறந்ததுமே ‘அப்புறம் வாங்க’ன்னு அனுப்பிடுறாங்க. எரிஞ்சு விழாம, காது கொடுத்துக் கேக்குற மாதிரி பேச்சை எப்படி ஆரம்பிக்கிறது?”

கூட்டம் சூழ்ந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் முதல் வாக்கியத்தில் இரண்டே விஷயங்களைத் தேடுகிறார். இது என் சீட்டில், அதாவது என் மேஜையின் பொறுப்பில், வரும் வேலையா? இப்போதே பார்த்துச் சொல்லிவிடக்கூடியதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று தெரிந்தால் கை உடனே கீபோர்டுக்குப் போகும். தெரியாவிட்டால் ‘அப்புறம் வாங்க’தான் வரும். அந்தப் பதிலில் பாதிக்கு மேல் கோபம் கிடையாது. நீங்கள் சொல்ல வருவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவரால் கணிக்க முடியவில்லை, அவ்வளவுதான். மரியாதையாகக் கேட்கப்பட வேண்டும் என்றால் குரலைக் குழைப்பதைவிட, அந்த இரண்டு கேள்விக்கும் முதல் மூச்சிலேயே பதில் வைப்பதுதான் முக்கியம்.

நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகத் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். “சார், எங்க அப்பா இருந்தப்ப வாங்குன எடம் சார், அது தாத்தா பேர்ல இருந்துச்சு, நடுவுல சித்தப்பா…” இதில் கேட்பவருக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. எந்த ஊர், என்ன மனு, எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவதற்குள் பக்கவாட்டிலிருந்து இன்னொருவர் காகிதத்தை நீட்டிவிடுவார். அடுத்த வகை, “ரெண்டு மாசமா நடையா நடக்குறேன், ஒண்ணும் ஆகல” என்று ஆரம்பிப்பது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது புகாராகத்தான் காதில் விழும். அந்த இடத்தில் அவர் முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார், உங்கள் மனுவை அல்ல. மூன்றாவது வகை, “ஒண்ணுமில்ல சார், ஒரு சின்ன விஷயம்” என்பது. சின்ன விஷயம் என்று தொடங்குவது பெரும்பாலும் சின்னதாக முடிவதில்லை என்பது மேஜைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

போவதற்கு முந்தின நாள் ஒரு வேலை இருக்கிறது. eservices.tn.gov.in தளத்தில் உங்கள் மனு எண்ணைப் போட்டு நிலை என்ன என்று பார்த்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் போட்டிருந்தால் எண் ஒப்புகைச் சீட்டில் இருக்கும். பத்திரப் பதிவின்போதே மனு போயிருந்தால் குறுஞ்செய்தியில் வந்திருக்கும். ஏற்கப்பட்டுவிட்டது என்று காட்டினால் ஆபீசுக்குப் போகவே வேண்டாம். அதே தளத்தில் பட்டா எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நிலுவையில் இருந்தால், அது உட்பிரிவு உள்ள மனுவா, இல்லாததா என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முழு சர்வே எண்ணோ, ஏற்கெனவே பிரிந்திருக்கும் உட்பிரிவோ அப்படியே கைமாறினால் அது உட்பிரிவு இல்லாதது. கிராம நிர்வாக அலுவலர் பார்த்துப் பரிந்துரைத்து, மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போய் முடியும். ஒரு துண்டை மட்டும் பிரித்து வாங்கியிருந்தால் நில அளவர் வந்து அளக்க வேண்டும், வரைபடம் ஆக வேண்டும், முடிவில் வட்டாட்சியரிடம் போக வேண்டும். இரண்டும் வேறு வேறு கைகளில் நகர்வதால், எந்த வகை என்று நீங்களே சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வியில் ஒன்று குறைந்துவிடும்.

பிறகு அரைத்தாளில் ஒரு சீட்டு எழுதுங்கள். மேலே மனு எண், அதன் கீழே கிராமம், சர்வே எண் உட்பிரிவோடு, இப்போதைய பட்டா எண், மனுதாரர் பெயர், செல்போன் எண். கொட்டை எழுத்தில், வேறெதுவும் இல்லாமல். மனு எண் சாய்கோடுகளோடு நீளமாக வரும். அதைச் சத்தத்துக்கு நடுவே வாயால் சொன்னால் ஒரு இலக்கமாவது தப்பும். தப்பினால் ‘அப்படி ஒண்ணும் இல்லையே’ என்ற பதில் வரும், உங்கள் முறை அதோடு போய்விடும். சீட்டு இரண்டு பிரதி இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். பத்திர நகல், வில்லங்கச் சான்று எல்லாம் பையில் இருக்கட்டும், ஆனால் கேட்கும்வரை பையைப் பிரிக்காதீர்கள். தடித்த கட்டைப் பார்த்தவுடனேயே ‘இது நேரம் பிடிக்கும் கேஸ்’ என்று முடிவாகிவிடும்.

நேரம் என்று பார்த்தால், ஆபீஸ் திறந்த கையோடு நிற்பது நம்மூரில் நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது. என் கணிப்பில் அது அத்தனை நல்ல நேரம் இல்லை. முதல் அரைமணி வருகைப் பதிவேடு, தபால் பிரிப்பது, கணினி திறப்பது என்று போய்விடும். பத்தே முக்காலிலிருந்து பன்னிரண்டரைக்குள் நல்லது. திங்கட்கிழமை ஆட்சியரகத்தில் குறைதீர் நாள் என்பதால் அதிகாரிகள் பலரும் தஞ்சாவூரில் இருப்பார்கள். நிலவரம் மட்டும் கேட்பதானால் பரவாயில்லை, கையெழுத்து ஆக வேண்டியதானால் அன்று வேண்டாம். ஜமாபந்தி நடக்கும் கோடைக் கடைசியிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர்ச்சேதக் கணக்கெடுப்பு ஓடும்போதும் ஆளே பாதிதான் இருப்பார்கள். அந்த வாரங்களில் யார் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் வேலை மெதுவாகத்தான் நகரும்.

இனி மேஜைக்கு வருவோம். நம் தாலுகா ஆபீஸ்களில் பல இடங்களில் கண்ணாடித் தடுப்போ டோக்கனோ கிடையாது. மேஜையைச் சுற்றி அரைவட்டமாக ஆட்கள் நிற்பார்கள், வரிசை என்று கண்ணுக்குத் தெரிவது எதுவும் இருக்காது. ஆனால் யார் யாருக்கு முன்னால் வந்தார் என்பது நிற்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் போனதும் “யாருங்க கடைசி?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேளுங்கள். “நான்தான்” என்று ஒருவர் சொன்னதும், “சரிங்க, உங்களுக்கு அப்புறம் நான்” என்று சொல்லி அவர் பக்கத்தில் நில்லுங்கள். இதற்குப் பிறகு யாராவது குறுக்கே நுழைந்தால் நீங்கள் வாய் திறக்க வேண்டாம், அந்த ஆளே “இவங்க நிக்கிறாங்கல்ல” என்பார். குறுக்கே வந்தவரைப் பற்றி மேஜைக்காரரிடம் முறையிட்டால் அவரை நடுவராக்கிவிடுகிறீர்கள். அந்த வேலை அவருக்குப் பிடிக்காது, எரிச்சல் உங்கள் மேல்தான் வரும்.

நிற்கும் இடமும் கவனிக்க வேண்டியது. எதிரில் நில்லுங்கள். பக்கவாட்டில் போய்த் திரையை எட்டிப் பார்ப்பது, திறந்திருக்கும் பதிவேட்டின் மேல் காகிதத்தை வைப்பது, ‘சார்… சார்… சார்’ என்று அடுக்குவது, இந்த மூன்றும் பேச்சு தொடங்குமுன்பே அதைக் கெடுத்துவிடும். முந்தின ஆள் திரும்பி, எழுதும் பேனா நின்று, தலை நிமிரும் ஒரு நொடி வரும். அதுவரை சீட்டைக் கையில் தெரியும்படி பிடித்துக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். செல்போன் அந்த நேரத்தில் அடித்தால் எடுக்காதீர்கள். எடுத்தால் உங்கள் முறை அடுத்தவருக்குப் போய்விடும், அதில் நியாயமும் இருக்கிறது.

அழைப்பது ‘சார்’ அல்லது ‘மேடம்’. வயதானவர்கள் ‘அய்யா’, ‘அம்மா’ என்றாலும் குறையில்லை. சிக்கல் வருவது உறவுமுறையில்தான். இளநிலை உதவியாளராக இருப்பவர் பலசமயம் இருபத்தைந்து வயதுப் பிள்ளையாக இருப்பார். அறுபது வயதுக்காரர் பாசமாகத்தான் “தம்பி, இதைக் கொஞ்சம் பாரு” என்கிறார். கூட்டத்துக்கு நடுவே அந்த ‘பாரு’ அவருடைய நாற்காலியைச் சின்னதாக்குகிறது. வாசலில் இருக்கும் அலுவலக உதவியாளரையும் அதே மரியாதையோடு கேளுங்கள். “மெலட்டூர் பட்டா எந்த சீட்டுங்க?” என்று அவரிடம் முதலில் கேட்டுவிட்டால் தவறான மேஜையில் அரைமணி நிற்க வேண்டி வராது. வேலையைக் கிராம வாரியாகப் பிரித்து வைத்திருக்கும் ஆபீஸ்களில் ஊர்ப்பெயர்தான் முதல் திறவுகோல்.

இப்போது அந்த வாக்கியம். மெலட்டூரில் ஒரு சர்வே எண்ணில் ஒரு பகுதியை வாங்கி, மாசியில் மனு போட்டவர் என்று வைத்துக்கொள்வோம். தலை நிமிர்ந்ததும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

“வணக்கம் மேடம். மெலட்டூர், பட்டா மாறுதல், உட்பிரிவு உள்ளது. மாசியில போட்டது, நம்பர் இதுல இருக்கு. இப்ப யார் லாகின்ல நிக்குதுன்னு பாத்துச் சொல்றீங்களா?”

சொல்லிக்கொண்டே சீட்டை அவர் படிக்கும் திசையில் திருப்பி வையுங்கள். பத்து நொடிக்குள் முடிந்துவிடும். ஊர்ப்பெயர் முதலில் வருவதால் தன் சீட்டு வேலையா என்பது உடனே தெரியும். வேறு சீட்டானால் அவரே “அந்த மேஜைக்குப் போங்க” என்பார், அதுவும் பயனுள்ள பதில்தான். மாதத்தைச் சொல்வதில் தாமதமும் சொல்லியாகிவிட்டது, குற்றம் சாட்டாமலே. கடைசிக் கேள்விதான் இதில் உயிர். “ஏன் இன்னும் ஆகல?” என்று கேட்டால் அவர் காரணம் சொல்ல வேண்டும், காரணம் பெரும்பாலும் வேறொருவர் கையில் இருக்கும். “எப்ப ஆகும்?” என்று கேட்டால் வாக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் அவர் கையில் இல்லை. “யார் லாகின்ல நிக்குது?” என்பது திரையைப் பார்த்தால் சொல்லிவிடக்கூடியது. தன்னால் முடிந்ததைக் கேட்கும் ஆளிடம் யாரும் எரிந்து விழுவதில்லை.

‘பாத்துச் சொல்லுங்க’ என்பதற்கும் ‘பாத்துச் சொல்றீங்களா’ என்பதற்கும் வித்தியாசம் சின்னது, ஆனால் காதில் விழும். இரண்டாவதில் முடிவு அவரிடம் இருக்கிறது. அதற்காக “உங்கள கையெடுத்துக் கும்புடுறேன்”, “நீங்கதான் தெய்வம்” என்றெல்லாம் போக வேண்டாம். கூட்டத்துக்கு எதிரில் அது அவரைக் கூச வைக்கும், சீக்கிரம் அனுப்பிவிடவே தோன்றும்.

இன்னொரு சொல்லில் ரொம்பக் கவனம் வேண்டும். “பாத்து செய்ங்க சார்”, “கொஞ்சம் கவனிங்க”, “நாங்க கவனிச்சுக்கிறோம்” என்று அப்பாவியாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இவை சாதாரணச் சொற்கள்தான். ஆபீஸ் மேஜையில் இவற்றுக்குப் பொருள் பணம். நேர்மையான உதவியாளரிடம் சொன்னால் முகம் சட்டென்று மாறும், ஏன் என்று உங்களுக்குப் புரியாது. மற்ற வகை ஆளிடம் சொன்னால் நீங்களே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். ‘நிலவரம்’, ‘யார்கிட்ட’, ‘என்ன பேப்பர்’ என்ற சொற்களோடு நின்றுகொள்ளுங்கள். அதேபோல் ஒன்றியச் செயலாளர் பெயர், உறவுக்கார அதிகாரி பெயர் எதையும் முதல் வாக்கியத்தில் இழுக்காதீர்கள். வேலை விதிப்படி நடக்க வேண்டிய இடத்தில் பெயரைச் சொன்னால், கோப்பில் ஏதோ கோளாறு இருக்கிறதோ என்ற சந்தேகம்தான் வரும்.

பதில் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக வரும். “சர்வேயர்கிட்ட இருக்கு” என்றால் மேஜையில் அதற்கு மேல் கேட்டுப் பயனில்லை, உதவியாளரால் நில அளவரை முடுக்க முடியாது. ஆனால் ஒன்று கேட்கலாம்: “சரிங்க மேடம். அவங்க ஆபீஸ்ல உக்காருறது எந்தக் கிழமைங்க?” நில அளவர் பாதி நாள் வயலில்தான் இருப்பார். கிழமை தெரியாமல் நடப்பதுதான் பெரும்பாலான வீண் அலைச்சலுக்குக் காரணம். சம்பா நட்டுத் தண்ணீர் நிற்கும் வயலில் சங்கிலி இழுத்து எல்லை பார்ப்பதும் எளிதல்ல. நெல் நிற்கும் மாதங்களில் அளவை தள்ளிப்போவதற்கு அலட்சியம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

“சர்வர் வேலை செய்யல” என்றால் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்காதீர்கள், அது அவருக்கும் தெரியாது. இரண்டாவது சீட்டு இதற்குத்தான். “பரவால்லங்க. இந்தச் சீட்டு இங்க இருக்கட்டும், நான் வெளில உக்காந்திருக்கேன். வந்ததும் பாத்தாப் போதும்” என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். மேஜையை விட்டு விலகி நிற்கும் ஆளை, வேலை ஓடத் தொடங்கியதும் தானாகவே கூப்பிடும் பழக்கம் பலரிடம் உண்டு. தலைக்கு மேல் நின்றுகொண்டே இருந்தால் அது நடக்காது.

“அடுத்த வாரம் வாங்க” என்பதுதான் உங்களுக்கு அதிகம் வரும் பதில். இதற்கு மறுப்புச் சொல்லாமல் ஒரு கேள்வி: “வர்றேன் மேடம். வர்றப்ப ஏதாவது பேப்பர் கொண்டாரணுமா?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவர் மனுவைத் திறந்தாக வேண்டும். திறந்தால் பாதி வேலை முடிந்தது. “மூலப் பத்திரம் இல்லையே”, “வித்தவர் பேரு பட்டாவுல இல்லையே” என்று விஷயம் அப்போதுதான் வெளியே வரும். “ஒண்ணும் வேண்டாம்” என்றால் அதையும் கிழமையையும் உங்கள் சீட்டிலேயே அவர் எதிரில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை “போன புதன்கிழமை வந்தேன் மேடம், பேப்பர் எதுவும் வேண்டாம்னு சொன்னீங்க” என்று தொடங்கலாம். அவர் சொன்னதையே நினைவூட்டுகிறீர்கள், குறை சொல்லவில்லை.

“தள்ளுபடி ஆயிடுச்சு” என்று வந்தால் பொறுமை அதிகம் வேண்டும். இதைச் செய்தவர் அவர் இல்லை, அவரோடு வாதாடி எதுவும் மாறாது. “காரணம் என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சுச் சொல்றீங்களா? எழுதிக்கிறேன்” என்று கேளுங்கள். காரணத்தின் வாசகம் முக்கியம், ஏனென்றால் அடுத்த படி அதைப் பொறுத்தது. டெல்டாவில் அடிக்கடி வருவது, பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்க, பேரன் விற்றுக் கொடுத்திருப்பது. அதற்கு வாரிசுச் சான்றும், நடுவில் உள்ள பத்திரங்களும் வேண்டும். இன்னொன்று, 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயரோ பரப்போ தப்பாக ஏறியது. அது வெறும் மாறுதல் மனுவில் தீராது, திருத்தத்துக்குத் தனி மனு. கூட்டுப் பட்டாவில் மற்றவர் ஆட்சேபம் செய்திருந்தால் விசாரணை நடக்கும். ஆணையே தவறு என்று நினைத்தால் மேல்முறையீடு வருவாய்க் கோட்டாட்சியரிடம். பாபநாசத்துக்குக் கும்பகோணம்.

வயதானவர்களோடு போகும்போது ஒரு தகராறு அடிக்கடி வரும். மனுதாரர் அம்மா, பேசுவது மகன். “மனுதாரர் எங்க அம்மா, இவங்கதான். நான் மகன்” என்று ஊர்ப்பெயர் சொன்ன கையோடு சொல்லிவிட்டால் ‘நீங்க யாரு?’ என்ற குறுக்குக் கேள்வி வராது. உரிமையாளர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால் வாய்வார்த்தை போதாது. பவர் பத்திரம் இருந்தால் அதன் நகல் பையில் மேலாக இருக்கட்டும். பேச்சை ஒருவர்தான் நடத்த வேண்டும். அம்மா ஒன்று சொல்ல, மகன் அதைத் திருத்த, மருமகள் இன்னொன்று சேர்க்க, மேஜைக்காரர் அதற்குள் அடுத்த ஆளின் சீட்டை வாங்கிவிடுவார்.

இத்தனைக்குப் பிறகும் மூன்று தடவை ஒரே பதில் வந்தால், பேச்சை நிறுத்தி எழுத்துக்குப் போங்கள். வட்டாட்சியருக்கு ஒரு பக்க மனு, உள்ளே மனு எண்ணும் போட்ட தேதியும், கடைசியாகக் கேள்விப்பட்ட நிலையும். ஆபீஸ் தபால் பிரிவில் நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனுவும் அதற்கு அடுத்த கட்டம். அவற்றை மேஜையில் மிரட்டலாகச் சொல்லாமல், செய்ய வேண்டுமானால் செய்துவிட்டுப் போங்கள். எழுத்து மனுவுக்கு ந.க. எண் என்ற கோப்பு எண் விழும். அதன் வால் பகுதியில் அ2, ஆ1 என்று ஒரு குறி இருக்கும், அது சீட்டின் பெயர். அது கையில் வந்தபிறகு ஊர்ப்பெயரில்கூடத் தொடங்க வேண்டாம். “வணக்கம் சார், ஆ1 சீட்டுங்களா? ந.க. நம்பர் இதுல இருக்கு” என்றாலே போதும்.